தையற் பணியும் உடல் நலமும்

கல்லுடைத்தல், மண்வெட்டுதல், மூட்டை சுமத்தல் முதலிய தொழில்கள் உடலை வருத்துவன என்பதை எவரும் ஒப்புவர். வீட்டினுள் இருந்து ஊசியும் நூலும் கொண்டு செய்யும் தையல் அத்தகையதன்று என்பதே பலருடைய எண்ணம். ஊசியின் நிறை ஒரு கிராமுக்கும் குறைவானது; துணியோ காற்றிலே பறக்கும் தன்மையது. ஆயினும், பல ஆண்டுகளாகத் தையலையே சீவனோபாயமாகக் கொண்ட பெண்களை வினவின், கழுத்து நோவும், தோள் இறுக்கமும், நள்ளிரவில் விரல்கள் விறைத்து உறக்கங் கலைதலும் தம்மோடு கூடப் பிறந்தவை போலாகிவிட்டன என்று கூறுவர். பாரமற்ற தொழில் இத்தகைய நோயைத் தருவது எங்ஙனம்? வருமானம் குறையாமல் அதனைத் தவிர்க்க வழியுண்டா? இவ்விரு வினாக்களையும், பாடசாலைச் சீருடை தைக்கும் பெண்ணொருத்தியின் வேலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வாம்.

இவ்வினா புதியதன்று. இத்தாலிய நாட்டு வைத்தியராகிய பெர்னார்தினோ இரமசீனி என்பவர், தொழிலாளரை அவரவர் தொழில் காரணமாகப் பற்றும் நோய்களைத் தொகுத்து, 1700ஆம் ஆண்டிலே இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் விரிவான பதிப்பு 1713ஆம் ஆண்டில் வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளரையும் குயவரையும் பற்றி எழுதிய அவர், நாள் முழுவதும் குனிந்திருந்து ஊசி பிடிக்கும் தையற்காரரையும், பேனா பிடிக்கும் எழுத்தரையும் மறந்தாரல்லர். எழுத்தரின் நோய்க்கு அவர் கூறிய காரணங்கள் மூன்று. இடையறாது அமர்ந்திருத்தல் ஒன்று; கை ஓயாமல் ஒரே வகையாக அசைதல் இன்னொன்று; பிழை நேராதவாறு மனத்தை ஒருமுகப்படுத்தி இறுக்கி வைத்திருத்தல் மற்றொன்று. முந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் இம்மூன்றும் அப்படியே பொருந்துகின்றன.

இரமசீனி தமக்கு அறிமுகமான ஓர் எழுத்தரின் வரலாற்றையும் குறித்துள்ளார். அவர் ஓயாது எழுதியதனால் வலக்கை முதலிற் சோர்ந்தது. பின்னர் எம்மருந்துக்கும் அடங்காது செயலிழந்தது. மனந் தளராத அம்மனிதர் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். சிறிது காலத்தில் இடக்கைக்கும் அதே கதி நேர்ந்தது. இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஊன்றி நோக்கற்பாலது. குறை வலக்கையிலும் இல்லை, இடக்கையிலும் இல்லை. வேலை அடுக்கப்பட்ட முறையிலேயே அது இருந்தது. முறையை மாற்றாமற் கையை மட்டும் மாற்றியமையால், நோய் இடம் பெயர்ந்ததேயன்றி நீங்கவில்லை.

தையலில் உடலின் ஒரு பகுதி ஓயாமல் அசைகின்றது. மற்றொரு பகுதி அசையாமலே நிற்கின்றது. விரலும் மணிக்கட்டும் முன்னையவை; கழுத்தும் தோளும் முதுகும் பின்னையவை. அசையும் உறுப்பு களைக்கும் என்பது எளிதில் விளங்கும். அசையாத உறுப்பும் களைக்கும் என்பதையே பலர் உணர்வதில்லை. மாணவர் ஒருவர் தம் அப்பியாசக் கொப்பியைக் கையிலேந்தி, கையைத் தோள் மட்டத்துக்கு நீட்டி, அசையாமல் வைத்திருந்து பார்ப்பாராக. சில நிமிடங்களிலே தோள் எரியத் தொடங்கும், கை நடுங்கும். அதே கொப்பியை மேசைக்கும் அலுமாரிக்குமாக நூறு முறை எடுத்து வைப்பினும் அவ்வளவு துன்பம் நேராது.

இதற்குக் காரணம் இரத்தவோட்டமே. தசை சுருங்கும்போது தன்னுள்ளே செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களை நெருக்குகின்றது. தளரும்போது அவற்றை விடுகின்றது. சுருங்கியும் தளர்ந்தும் இயங்கும் தசைக்குள் புதிய இரத்தம் தாராளமாகப் பாய்கின்றது. சுருங்கியபடியே நிற்கும் தசையிலோ அவ்வோட்டம் குன்றுகின்றது; கழிவுப் பொருள்கள் தங்குகின்றன; நோவு பிறக்கின்றது. மனிதத் தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம். நிமிர்ந்திருக்கும்போது முள்ளந்தண்டு அதனைத் தாங்கிக்கொள்ளும். ஊசிமுனையை நோக்கித் தலை முன்னே சாயும்போது, அது கவிழ்ந்து விடாதபடி பிடரித் தசைகள் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கவேண்டியுள்ளது. தையற்காரி யந்திரத்தை விட்டு எழும் வரையில் அத்தசைகளுக்கு ஓய்வில்லை.

இனி, அசையும் பகுதியை நோக்குவாம். விரல்களை மடக்கும் தசைகள் பெரும்பாலும் முழங்கைக்குக் கீழே முன்கையில் உள்ளன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களை அடைகின்றன. மணிக்கட்டிலே எட்டுச் சிற்றெலும்புகள் வளைவாக அமைந்து தளமும் சுவருமாக நிற்க, உறுதியான இழைப்பட்டி ஒன்று மேலே கூரை போல மூடியிருக்கின்றது. இவ்வொடுங்கிய சுரங்கத்தின் வழியே ஒன்பது தசைநாண்களும், நடுநரம்பு எனப்படும் ஒரு நரம்பும் செல்கின்றன. ஊசியை இறுகப் பிடித்து இழுக்குந்தோறும் நாண்கள் இச்சுரங்கத்துள் முன்னும் பின்னும் வழுக்குகின்றன. அளவோடு இயங்கின் அவற்றைச் சூழ்ந்த உறைகள் வழுவழுப்பாயிருந்து உராய்வைத் தடுக்கும். ஓய்வின்றி மணிக்கணக்கில் இயங்கின் அவ்வுறைகள் தடிக்கும். சுரங்கமோ விரிந்து கொடுக்காதது. ஆதலின் நெருக்கம் முழுவதும் மென்மையான நரம்பின்மீதே விழும். மணிக்கட்டை மடித்தோ பின்னே வளைத்தோ வைத்திருப்பின் அந்நெருக்கம் இன்னும் மிகும்.

நோயின் காரணம் இவ்வாறு தெளிவாகுமாயின், தடுக்கும் வழியும் தெளிவாகும். கழுத்தும் தோளும் இழுபடாதவாறு இருக்கையை அமைத்தல் முதலாவது. விரலும் மணிக்கட்டும் ஒரே அசைவை நெடுநேரம் தொடராதவாறு வேலையைப் பங்கிடுதல் இரண்டாவது. இவ்விரண்டையும் முறையே விளக்குவாம்.

தையல் யந்திரத்தின் மேசை பொதுவாக 75 சென்றிமீற்றர் அளவு உயரமுடையது. வீடுகளிற் காணப்படும் பிளாஸ்ரிக் கதிரையின் இருப்பிடம் ஏறத்தாழ 43 சென்றிமீற்றர் உயரமானது. சற்றுக் குள்ளமான பெண்ணொருத்தி அதில் அமர்ந்து கைகளைத் தளரவிடின், அவளுடைய முழங்கை இருப்பிடத்திலிருந்து 22 சென்றிமீற்றர் உயரத்தில் நிற்கும் எனக் கொள்வோம். அஃதாவது, நிலத்திலிருந்து முழங்கையின் உயரம் 65 சென்றிமீற்றர். மேசையோ அதற்கு மேலே 10 சென்றிமீற்றரில் இருக்கின்றது. துணியைத் தள்ள வேண்டுமாயின் அவள் தோள்களை உயர்த்தியே ஆகவேண்டும். நாள் முழுவதும் உயர்ந்து நிற்கும் தோளே மாலையில் நோகும் தோள். இவ்வாறு நோவுக்குக் காரணமாயிருப்பது பத்துச் சென்றிமீற்றரேயன்றி, பலர் கருதுவது போல வாதமோ வயதோ அன்று.

இதற்குப் பரிகாரம் எளிது. தடித்த போர்வையொன்றை மடித்துக் கதிரையின்மேல் இட்டு, இருப்பிடத்தை 7 அல்லது 8 சென்றிமீற்றர் உயர்த்தலாம். மடிப்பின் பின்புறம் சற்றுத் தடிப்பாயிருத்தல் நன்று. பிளாஸ்ரிக் கதிரையின் இருப்பிடம் பின்னோக்கிச் சரிந்திருப்பதனால், அதில் அமர்பவரின் முதுகு கூனித் தலை முன்னே நீளுகின்றது. பின்புறம் தடித்த மடிப்பு அச்சரிவை நீக்கும். முழங்கை மேசையின் மட்டத்திலோ அதனினும் சிறிது தாழவோ நிற்குமாயின் உயரம் சரியானது. ஊசிமுனையைக் காணவேண்டியிருப்பதால் மேசை மிகத் தாழ்ந்திருப்பதும் தீது. அப்பொழுது தோள் தப்பினும் கழுத்து அகப்பட்டுக்கொள்ளும். இருக்கையை உயர்த்திய பின் தொடை மேசையின் அடிப்புறத்தில் முட்டாதிருக்கின்றதா என்பதையும், கால் தொங்காதிருக்கின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். காலால் மிதிக்கும் யந்திரமாயின் இரு பாதங்களும் மிதிபலகையில் முழுவதும் பதிய வேண்டும். மோட்டார் பூட்டிய யந்திரமாயின், மிதியையும் மற்றைப் பாதத்தையும் ஒரே உயரமான பலகையின்மேல் வைத்துக்கொள்ளலாம்.

இன்னுமொன்று. யந்திரத்தின் நடுப்பகுதிக்கு நேரே கதிரையை இடுவது பலருடைய வழக்கம். ஊசியோ நடுவில் இல்லை. தைப்பவருக்கு இடப்புறமாக இருக்கின்றது. எனவே நடுவில் அமர்பவர் உடலை இடப்பக்கம் திருப்பியபடியே நாளைக் கழிக்கின்றார். கதிரையை நகர்த்தி, மூக்கும் ஊசியும் நேர்க்கோட்டில் வருமாறு அமர்ந்தால் அத்திருகல் நீங்கும். இதற்கு ஒரு சதமேனும் செலவில்லை.

வெளிச்சமும் இருக்கையின் ஒரு பகுதியே. வெளிச்சம் போதாதவிடத்துத் தலை தானாகவே துணியை நோக்கித் தாழும். ஆதலின் மங்கிய விளக்கு கண்ணுக்கு மட்டுமன்றிக் கழுத்துக்கும் பகை. சீருடைத் தையலில் இவ்விடர் பெரிது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் இட்ட தையலைக் காண்பது கடினம். வெயில் நேரே விழும் விறாந்தையில் வெள்ளைத் துணி கண்ணைக் கூசச் செய்யும். உள்ளறையில் தையலே தெரியாது. யன்னலுக்கு அருகே, வெயில் படாத இடத்தில், வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருமாறு அமர்வது வலக்கையால் தைப்பவருக்கு ஏற்றது. தைக்கும் கையின் நிழல் அப்பொழுது தையலின்மேல் விழாது. இரவில் ஊசிக்கு அணித்தாக ஒரு சிறு விளக்கை வைப்பதே உத்தமம். நாற்பது வயதைக் கடந்தவர்க்குக் கிட்டப் பார்வை குறைவது இயல்பு. கழுத்து நோவென்று எண்ணெய் பூசிக்கொண்டிருக்கும் சிலருக்கு உண்மையில் வேண்டியது ஒரு மூக்குக்கண்ணாடியே.

வெட்டும் வேலையைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். நிலத்திற் பாய் விரித்து, துணியைப் பரப்பி, குந்தியிருந்து வெட்டுதல் நம் வீடுகளில் வழக்கம். ஓரிரு சட்டைகளுக்கு அது தீங்கன்று. பலவற்றை ஒருங்கே வெட்டும்போது முதுகும் முழங்காலும் தாங்கா. இடுப்பளவு உயரமான மேசையில் நின்றபடி வெட்டுதலே நன்று. கத்தரிக்கோலின் கீழ் அலகு மேசையின்மேல் ஊர்ந்து செல்லுமாறு, கைப்பிடி மேல்நோக்கி வளைந்த தையற் கத்தரிக்கோலைப் பயன்படுத்தின் மணிக்கட்டு நேராக நிற்கும். மழுங்கிய கத்தரிக்கோல் பெருவிரலின் அடியிலுள்ள நாண்களைப் பெரிதும் வருத்தும். தடித்த துணியை இரண்டு மடிப்புக்கு மேல் அடுக்கி வெட்டுதலும் அத்தகையதே. சாணை பிடிப்பதற்குக் கொடுக்கும் சிறு பணம் வைத்தியருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சமாக்கும்.

இனி, வேலையைப் பங்கிடும் முறைக்கு வருவோம். இலங்கையிற் பாடசாலை மாணவர்க்கு 1993ஆம் ஆண்டு முதல் அரசு சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகின்றது. துணி இலவசமாயினும் அதனைத் தைப்பித்தல் பெற்றோரின் கடன். ஆகவே புதிய ஆண்டு தொடங்கு முன்னர், ஊரிலுள்ள தையற்காரியின் வீட்டிலே துணிப்பொதிகள் குவிகின்றன. பன்னிரண்டு மாணவியருக்கு, ஒருவருக்கு இரண்டாக, 24 வெள்ளைச் சட்டைகளை எட்டு நாளில் தைத்துக் கொடுக்க ஒருத்தி உடன்பட்டாள் எனக் கொள்வோம். ஒரு சட்டையை வெட்ட 15 நிமிடமும், யந்திரத்திலே தைக்க 80 நிமிடமும், கீழ் விளிம்பைக் கையால் மடித்துத் தைக்க 18 நிமிடமும் ஆகும் என்க. பிள்ளை வளருங்காற் பிரித்து இறக்கிவிடுவதற்கு வசதியாக விளிம்பை ஆழமாக மடித்துக் கையால் தைப்பது வழக்கம். விளிம்பின் சுற்றளவு 180 சென்றிமீற்றராகவும், தையலொன்று அரைச் சென்றிமீற்றராகவும் இருப்பின், ஒரு சட்டைக்கு 360 தையல்கள். 24 சட்டைகளுக்கு 8,640 தையல்கள்.

பலரும் பின்பற்றும் முறை பின்வருமாறு: முதல் நாளில் எல்லாவற்றையும் வெட்டி முடித்தல், அடுத்த ஐந்து நாளும் யந்திரத்தில் தைத்தல், கடைசி இரண்டு நாளில் விளிம்புகளை மடித்துத் தைத்தல். ஒரே வகை வேலையை ஒருங்கே செய்தால் விரைவாக முடியும் என்பது இதன் நியாயம். ஆனால் உடல் காணும் கணக்கு வேறு. முதல் நாளிற் கத்தரிக்கோல் ஆறு மணி நேரம் கையை விட்டு நீங்குவதில்லை. அடுத்த ஐந்து நாளும், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறரை மணி நேரம் கழுத்து குனிந்தபடியே நிற்கின்றது. கடைசி இரு நாட்களில், நாளொன்றுக்கு 4,320 முறை பெருவிரலும் சுட்டுவிரலும் ஊசியை இறுக்கிப் பிடித்து இழுக்கின்றன. தையலொன்றுக்கு மூன்று வினாடியாக அது 3 மணி 36 நிமிட நேரம். ஏற்கெனவே ஆறு நாள் களைத்த கைக்கு, இறுதியில் மிகக் கடிய வேலை வந்து சேர்கின்றது.

வேறொரு முறையைக் கருதுவோம். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக ஆறாறு சட்டைகளை வெட்டி, நாள்தோறும் மூன்று சட்டைகளைத் தைத்து, விளிம்பும் மடித்து முடித்துவிடுதல். அப்பொழுது கத்தரிக்கோல் வேலை ஒரே முறையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேற் செல்லாது. யந்திர வேலை நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். விளிம்புத் தையல் 1,080. அதற்கு 54 நிமிடம் போதும். எட்டு நாளின் மொத்த வேலை நேரம் இரண்டு முறையிலும் ஒன்றே. 24 சட்டைகளும் குறித்த நாளில் முடிகின்றன. ஆனால் எந்தத் தசைக்கும் எந்த நாளும் அளவுக்கு மீறிய வேலை இல்லை. நின்று வெட்டும்போது, குனிந்திருந்த கழுத்து இளைப்பாறுகின்றது. யந்திரத்தின் முன் துணியை வழிநடத்தும்போது, ஊசியை இறுக்கிய விரல் இளைப்பாறுகின்றது. மேசையை ஒழுங்கு செய்யவும் நூலை மாற்றவும் நாளொன்றுக்குச் சில நிமிடம் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மையே. நோவினால் வேகங் குன்றிக் கடைசி நாட்களில் இழக்கும் நேரத்தோடு ஒப்பிட்டு அதனை மதிப்பிடல் வேண்டும்.

நான்கு மணி நேர யந்திர வேலையையும் ஒரே இருப்பில் முடித்தல் ஆகாது. நோவு தோன்றிய பின் ஒரு மணி நேரம் படுப்பதிலும், நோவு தோன்று முன்னர் அரைமணிக்கொரு முறை இரண்டு மூன்று நிமிடம் எழுவது மேலானது. களைப்பு சிறிதாயிருக்கும்போது சிறிய ஓய்வே அதனைப் போக்கும். முற்றிய பின்னர் நீண்ட ஓய்வும் முழுமையாகப் போக்காது. ஆயினும் கூலிக்குத் தைக்கும் பெண் மணிக்கூட்டைப் பார்த்து எழுவாள் என எதிர்பார்த்தல் வீண். ஓய்வை வேலையினுள்ளே புதைத்துவைத்தலே நடைமுறைக்கு ஏற்றது. தைத்த மூட்டுக்களை அவ்வப்போது இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாலே சட்டை சீராக அமையும் என்பது தையற் கலையின் விதி. இஸ்திரி மேசையைக் கைக்கு எட்டும் இடத்தில் வையாது, அறையின் மறு பக்கத்தில் வைத்தல் வேண்டும். தோள் மூட்டைத் தைத்ததும் எழுந்து சென்று அழுத்துதல். பக்க மூட்டைத் தைத்ததும் மீண்டும் எழுந்து செல்லுதல். இவ்வாறு செய்யின் வேலையும் திருந்தும், கால்களில் இரத்தம் ஓடும், கழுத்தும் நிமிரும். நிற்கும்போது தோள்களைப் பின்னோக்கி இழுத்து விடுதலும், விரல்களை அகல விரித்து மூடுதலும் சில விநாடிகளில் முடியும் காரியங்கள்.

பலகாரம் சுற்றுபவருக்கும் தட்டெழுதுபவருக்கும் இதே நியதி பொருந்தும். முறுக்கு உரலை அழுத்தும் கை, மாக் குழைக்கும் வேலையையும் பொதி கட்டும் வேலையையும் இடையிடையே பெறுமாயின் தாங்கும். மாலை வரை அழுத்திக்கொண்டே இருக்குமாயின் தாங்காது.

நோய் தொடங்கிவிட்டதை அறிவது எப்படி? வேலையின் முடிவில் தோன்றி, இரவு உறங்கி எழுந்ததும் மறையும் நோவு களைப்பேயாம். காலையில் எழும்போதும் எஞ்சியிருக்கும் நோவு, வேலை அளவு கடந்துவிட்டது என்பதன் முதல் அறிகுறி. வேலையைத் தொடங்கிய சிறிது நேரத்திலே தோன்றும் நோவு அடுத்த படி. விரல் விறைப்பைப் பொறுத்தவரை, எவ்விரல் விறைக்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை விறைத்துச் சின்னவிரல் விறையாதிருப்பின், மணிக்கட்டில் நடுநரம்பு நெருக்குண்டதென ஐயுறலாம். இவ்விறைப்பு நள்ளிரவில் எழுப்பும். கையை உதறினால் தணியும். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்கத் தொங்குமாறு மணிக்கட்டுக்களை மடித்து ஒரு நிமிடம் வைத்திருக்கும்போது அதே விறைப்புத் தோன்றுமாயின் ஐயம் வலுக்கும். ஆனால் இச்சோதனை ஒன்றுகொண்டே நோயைத் துணிதல் கூடாது.

வேலையை மாற்றியமைத்தும் சில வாரங்களில் விறைப்புத் தணியாவிடின் வைத்தியரை நாடுதல் கடமை. தொடக்க நிலையில், இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் மட்டையைக் கட்டி உறங்குவதே பலருக்கு நன்மை தரும். முற்றிய நிலையிற் கூரையாகிய இழைப்பட்டியைப் பிரித்துவிடும் சிறு சத்திரசிகிச்சை செய்யப்படுகின்றது. பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடு வற்றுதலும், ஊசியோ பொத்தானோ அறியாமலே கைநழுவி விழுதலும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்; நரம்பு நெடுங்காலம் நெருக்குண்டபின் இழந்த வலிமை முழுவதும் மீளாமற் போகலாம். எண்ணெய் பூசித் தேய்த்தலும் வெந்நீர் ஒத்தடமும் இதமளிப்பன. அவற்றை விலக்க வேண்டியதில்லை. ஆனால் அவை தசையைத் தளர்த்துமேயன்றிக் கதிரையின் உயரத்தை மாற்றா.

எல்லா நோவுக்கும் தையலே காரணம் என்று கருதுவதும் தவறு. நீரிழிவு, கேடயச் சுரப்பியின் குறைபாடு, கருப்பம் ஆகியவை விரல் விறைப்பை எளிதில் வருவிக்கும். இத்தகையவர் முற்கூறிய மாற்றங்களைச் செய்வதோடு, மூல நோய்க்கும் சிகிச்சை பெறவேண்டும். மார்பில் இறுக்கம், வியர்வை, மூச்சுமுட்டல் ஆகியவற்றோடு இடத் தோளிலும் கையிலும் பரவும் நோவு தையலால் வந்ததன்று. அது இருதய நோயாயிருக்கலாம் எனக் கருதி உடனே வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவை தையற்காரி தானே செய்யத்தக்கவை. அவளாற் செய்யவியலாத ஒன்றும் உண்டு. தொழிற்சாலையில் வேலை செய்பவரின் நலனுக்காக இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. சர்வதேசத் தொழில் தாபனமும் வீட்டிலிருந்து வேலை செய்வோரைக் குறித்து 1996ஆம் ஆண்டில் 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. ஆயினும் ஊரவருக்குச் சட்டை தைக்கும் பெண்ணின் அறைக்குள் எந்தப் பரிசோதகரும் வந்து கதிரையையும் விளக்கையும் பார்ப்பதில்லை. அவளுக்குக் கூலி மணிக்கணக்கிலன்றிச் சட்டைக் கணக்கிலே கிடைக்கின்றது. எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டமென்றே அவளுக்குத் தோன்றும். எட்டு நாள் என்னும் தவணையை விதித்தவளும் அவளல்லள். பாடசாலை தொடங்கும் நாளே அதனை விதிக்கின்றது.

அத்தவணையை நீட்டும் ஆற்றல் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் இருக்கின்றது. துணி கைக்கு வந்த அன்றே அதனைத் தையற்காரியிடம் சேர்ப்பித்தல் பெற்றோர் செய்யக்கூடியது. முதல் நாளிலே மாணவி ஒருத்திக்கு வேண்டியது ஒரு சட்டை. இரண்டாவது சட்டை இரண்டு வாரம் பிந்தி வரினும் அவளுடைய கல்விக்கு ஊறில்லை. இதனைப் பாடசாலை முற்கூட்டியே பெற்றோருக்கு அறிவித்து, முதலில் ஒரு சட்டையை மட்டும் தைப்பிக்கச் செய்யுமாயின், மேற்கூறிய தையற்காரி அவ்வெட்டு நாளில் தைக்க வேண்டியவை 24 அல்ல, 12. நாளொன்றுக்கு மூன்று சட்டை என்பது ஒன்றரைச் சட்டையாகக் குறையும். 1,080 தையல் 540 ஆகும். எஞ்சிய பன்னிரண்டுக்குரிய கூலியும் இரண்டு வாரத்தில் அவளை வந்தடையும். அவளுக்கு இழப்பொன்றும் இல்லை.